காற்றுக்குக் காத்திருந்த கலங்கள்: கொற்கை முத்தும் முசிறித் துறையும்



தூத்துக்குடியிலிருந்து அருப்புக்கோட்டை வழியே மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்திருப்பது எப்போதும்வென்றான். அங்கிருந்து மேற்கே கோவிற்பட்டி, கழுகுமலை வரையில் விரிந்து கிடப்பது கரிசல் பூமி. ஆனி, ஆடி மாதங்களில் அந்தப் பூமியில் மேற்கிலிருந்து ஓயாது காற்று வீசும். புழுதி எழும்பும், பனையோலைகள் சலசலக்கும், மழை மட்டும் பெய்யாது. அக்காற்று அரபிக்கடலில் முகந்து வந்த நீரையெல்லாம் மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக உலர்ந்து வருவதே காரணம். கரிசல் உழவர் அதனை நம்பி விதைப்பதில்லை. புரட்டாசியில் நிலத்தை ஆயத்தம் செய்து, ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வரும் மழைக்கே காத்திருப்பர். இன்று கயத்தாற்றுப் பக்கத்தில் காற்றாலைகள் பெருகிய பின்னர்தான் மேல்காற்றுக்கும் ஒரு பயன் உண்டென்று பலர் கண்டனர்.

உழவர்க்குப் பயன்படாத அந்தக் காற்று, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு கூட்டத்தார்க்குப் பெரும் பயன் தந்தது. எகிப்து நாட்டுத் துறைகளிலிருந்து சேரநாட்டு முசிறிக்குக் கலம் செலுத்தியவர்கள் அதனையே நம்பினர். கரிசலுக்கு மழை கொணரும் வடகிழக்குக் காற்றை நம்பியே அவர்கள் ஊர் திரும்பினர். ஆண்டுக்கு ஒருமுறை போக்கு, ஒருமுறை வரவு. இடைப்பட்ட காலம் முழுதும் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பைக் கணக்கிட்டு நடத்துவதே அக்கால வாணிகத்தின் உயிர்நாடியாக இருந்தது. அந்தக் கணக்கு எவ்வாறு அமைந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

காற்று திசை மாறுவது ஏன்?

கோடையில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறும். வடமேற்கு இந்தியாவிலும் அதற்கப்பாலுள்ள ஆசிய நிலப்பரப்பிலும் சூடேறிய காற்று மேலெழும்ப, அவ்விடத்தை நிரப்பத் தென்கடலிலிருந்து காற்று பாய்ந்து வரும். நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே வரும் அக்காற்று பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்புவதால், தென்மேற்குக் காற்றாக அரபிக்கடலைக் கடக்கிறது. ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொட்டு, ஆனி, ஆடியில் உச்சம் பெற்று, ஆவணி இறுதியில் தணியத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் நிலம் கடலைவிட விரைவில் குளிர்ந்துவிடும். அப்போது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடும். கார்த்திகை முதல் மாசி வரை அரபிக்கடலில் அது மென்மையாக, அலையெழுப்பாமல் வீசும்.

தமிழர் திசைதோறும் காற்றுக்குப் பெயர் வைத்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. கடற்கரை மக்களின் பேச்சில் வாடையும் கொண்டலும் இன்றும் வழங்குகின்றன. கச்சான், சோழகம் என்னும் பெயர்களும் அவற்றோடு சேர்ந்துள்ளன. புறநானூற்றின் 66 ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், காற்றின் இயல்பறிந்து அதனை ஏவல் கொண்டு பெருங்கடலில் நாவாய் ஓட்டியவரின் வழித்தோன்றல் என்று கரிகாலனை விளிக்கின்றார். காற்றை ஏவல் கொள்ளுதல் அதனை எதிர்த்துச் செல்வதன்று. அது வரும் நாளை அறிந்து கலத்தை ஆயத்தமாக வைத்திருப்பதே.

அக்காலத்துக் கப்பலின் அமைப்பும் இதனையே வேண்டிற்று. நடுமரத்தில் குறுக்கே கட்டிய நாற்கோணப் பாயே அதற்குச் சிறகு. காற்று பின்னிருந்தோ பின்பக்கவாட்டிலிருந்தோ வீசினால் அப்பாய் கலத்தை நன்றாகத் தள்ளும். எதிர்க்காற்றில் அது ஏறக்குறைய பயனற்றது. துடுப்பு வலித்துக் கடக்கக்கூடிய தொலைவும் அன்று அக்கடல். ஆதலால் திசை மாறும் காற்றே வழியையும் நாளையும் வகுத்தது.

ஒரு கலத்தின் ஓராண்டு

கி.பி. முதல் நூற்றாண்டின் இரு நூல்கள் இந்தப் பயணத்தின் நாட்கணக்கைத் தருகின்றன. ஒன்று, எகிப்தில் வாழ்ந்த பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்திரேயக் கடற்பயண நூல். பெரிப்ளூஸ் என்ற பெயரால் தமிழறிஞர் பலரும் அதனை அறிவர். மற்றொன்று, உரோமைப் பேரறிஞர் பிளினி எழுதிய இயற்கை வரலாறு. இவ்விரண்டின் செய்திகளையும் சேர்த்து, ஒரு கலத்தின் ஓராண்டைத் தமிழ் மாதங்களில் வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

ஆனி மாதத்தில் அலெக்சாந்திரியாவில் சரக்குகள் படகேறுகின்றன. நைல் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது; சரக்கு செல்ல வேண்டியதோ தெற்கே. கோடையில் நடுநிலக் கடலிலிருந்து வீசும் வடகாற்று பாயில் பிடித்துப் படகை ஆற்றோட்டத்துக்கு எதிரே தள்ளுகிறது. பன்னிரண்டு நாளில் கோப்தோஸ் நகரம். அங்கிருந்து ஒட்டகங்களின் மேல் பாலைவனத்தைக் கடக்க மேலும் பன்னிரண்டு நாள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவிலேயே நடை. அதன் முடிவில் செங்கடற்கரையில் பெரினிகே துறை.

கலம் அங்கிருந்து புறப்படுவது ஜூலையில், அதாவது ஆடிப் பிறப்பையொட்டி. வானில் நாய்மீன் என்னும் ஒளிமிகு விண்மீன் விடியலில் மீண்டும் தோன்றும் நாளுக்குச் சற்று முன்னோ பின்னோ புறப்பட வேண்டுமென்று பிளினி குறிக்கிறார். அப்பருவத்தில் செங்கடல் முழுதும் வடக்கிலிருந்து காற்று வீசுவதால் தெற்கே செல்வது எளிது. முப்பது நாளில் செங்கடலின் வாயிலில் உள்ள ஓகெலிஸ் துறையை அடைந்து, குடிநீர் நிரப்பிக்கொண்டு, கலம் பெருங்கடலுக்குள் நுழையும். அப்போது ஆவணி பிறந்திருக்கும். அங்கிருந்து முசிறிக்கு நாற்பது நாள் என்பது பிளினியின் கணக்கு. புரட்டாசியில் கலம் மலையாளக் கரையை எட்டும்.

ஓகெலிஸுக்கும் முசிறிக்கும் இடையே ஏறத்தாழ 3,500 கி.மீ. இருக்கும். நாற்பது நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 90 கி.மீ.க்குக் குறைவு, மணிக்கு நான்கு கி.மீ.க்கும் குறைவு. மனிதன் நடக்கும் வேகம்தான். ஆனால் அக்கலம் இரவும் பகலும் நடந்துகொண்டேயிருக்கும். நிறைந்த காற்றில் இதனினும் விரைந்து ஓடவும் கூடும்.

இங்கே ஒரு வினா எழலாம். தென்மேற்குக் காற்று ஜூன் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறதே; முன்னதாகப் புறப்பட்டு முன்னதாகச் சேர்ந்தால் என்ன? விடை மலையாளக் கரையில் இருக்கிறது. ஆனி, ஆடியில் அக்கரை மீது காற்று நேராக மோதும். ஆற்று முகங்களில் அலை உடையும். மழைத்திரை கரையை மறைக்கும். பின்னிருந்து தள்ளும் பெருங்காற்றோடு அக்கரையை நெருங்கும் பாய்க்கலத்துக்கு நிற்கவும் இயலாது, திரும்பிச் செல்லவும் இயலாது. ஆதலால் மாலுமிகள் காற்றின் தலையை விட்டுவிட்டு அதன் வாலைப் பிடித்தனர். காற்றில் கலத்தைத் தள்ளும் வலிமை எஞ்சியிருக்க வேண்டும். கரை சேரும் நாளில் சீற்றம் தணிந்திருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் பொருந்தும் சில வாரங்களுக்காகவே ஆடியில் புறப்பாடு குறிக்கப்பட்டது. இந்தப் பயணம் கடினமானது, ஆயினும் காற்று சாதகமாக இருப்பதால் விரைவானது என்று பெரிப்ளூஸ் ஆசிரியர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வது இதனால்தான்.

நடுக்கடலில் கரை அணித்தே என்பதை எவ்வாறு அறிந்தனர்? அதற்கும் அந்நூல் ஒரு குறிப்புத் தருகிறது. கடற்பாம்புகள் தென்படத் தொடங்கினால் கரை நெருங்கிற்று என்று கொள்ள வேண்டும். சிந்து முகத்தருகே காணும் பாம்புகள் ஒருவகை. முசிறிப் பக்கத்தில் காண்பவை கருநிறமும் குறுகிய உடலும் செந்நிறக் கண்களும் உடையவை. பாம்பின் நிறத்தைக் கொண்டே எந்தக் கரை முன்னிற்கிறது என்பதை மாலுமி உணர்ந்தான்.

துறையில் நின்ற மாதங்கள்

புரட்டாசியில் வந்த கலம் மறுநாளே திரும்ப முடியாது. வடகிழக்குக் காற்று நிலைபெறும் வரை அது காத்திருந்தே ஆக வேண்டும். திரும்பும் நாளையும் பிளினி வரையறுத்துள்ளார். டிசம்பரில் புறப்படுதல் நன்று. எவ்வாறாயினும் ஜனவரி 13க்குள் புறப்பட்டுவிட வேண்டும். தமிழ் வழக்கில் சொன்னால் மார்கழியில் புறப்பாடு. தை பிறக்குமுன் துறையை விட்டு நீங்கிவிட வேண்டும். ஆக, ஏறத்தாழ இரண்டரை மாதம் முதல் மூன்றரை மாதம் வரை யவனர் இக்கரையில் தங்கினர்.

அவர்கள் தங்கினர் என்பதற்கு ஒரு சிறு சான்று சுவையானது. முசிறிக்கு வந்த சரக்குகளைப் பெரிப்ளூஸ் பட்டியலிடுகிறது. பெருமளவு நாணயம், துணி, பவளம், கண்ணாடி, செம்பு, வெள்ளீயம், காரீயம், சிறிதளவு மது ஆகியவற்றோடு கோதுமையும் அதில் உண்டு. அந்தக் கோதுமை விற்பனைக்கு அன்று. கப்பலில் வந்தோர் உண்பதற்கு மட்டுமே, உள்ளூர் வணிகர் அதனைப் பயன்படுத்துவதில்லை என்று ஆசிரியர் காரணமும் சொல்கிறார். நெற்சோறு உண்ணும் நாட்டில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் தம் உணவைத் தாமே சுமந்து வந்தனர்.

கலம் கரையோடு ஒட்டி நிற்கவும் இல்லை. முசிறியில் கப்பல்கள் நிற்குமிடம் கரைக்குத் தொலைவு. சரக்கைச் சிறு படகுகளில்தான் ஏற்றியிறக்க வேண்டும். அருகே கடற்கொள்ளையர் தொல்லையும் உண்டு என்று பிளினி குறைபட்டுக்கொள்கிறார். அவர் காலத்துக் கலங்களில் வில்வீரர் கூட்டமே உடன் வந்தது. பிளினி குறையாகச் சொன்ன அதே காட்சியைப் புறநானூற்றின் 343 ஆம் பாடலில் பரணர் வளமாகக் காட்டுகிறார். கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரை சேர்த்தன. மிளகு மூட்டைகள் மனைகளில் குவிந்து கிடந்தன. ஒருவர் உரோமையிலிருந்தும் மற்றவர் தமிழகத்திலிருந்தும் தனித்தனியே சொன்ன செய்திகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பெரியாற்றின் முகத்தருகே பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணியும், அதனருகே படகு கட்டும் முளைகளும், மது கொணர்ந்த யவனச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. அவ்விடமே பழைய முசிறி என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

கரையில் முன்னரே சேர்த்துவைத்த சரக்கு

கலம் மூன்று மாதம் நின்றதென்றால், அந்த மூன்று மாதத்தில்தான் சரக்கு தேடினர் என்று எண்ணிவிடலாகாது. கலம் வருமுன்னரே அதற்குரிய சரக்கு கரையில் சேர்ந்திருக்க வேண்டும். இதனை ஓர் ஆவணத்தின் வழியாகத் தெளியலாம்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், அந்நாட்டுத் தேசிய நூலகத்தில், பாப்பிரசுத் தாள் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட அத்தாள் 1985 இல் அச்சில் வெளிவந்தது. அதன் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துக்காகப் பெற்ற கடன் குறித்த ஒப்பந்தம் உள்ளது. சரக்கைச் செங்கடற்கரையிலிருந்து ஒட்டகத்தில் கோப்தோஸுக்கும், ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவுக்கும் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அதில் பேசப்படுகிறது. மறுபக்கத்தில் எர்மப்பொல்லோன் என்னும் கலத்தில் வந்த சரக்கின் மதிப்பு எழுதப்பட்டுள்ளது. உரோமை அரசு இறக்குமதியில் நாலில் ஒரு பங்கை வரியாகக் கொண்டது. அந்த வரிக்குரிய பங்கு போக எஞ்சிய மதிப்பு 1,154 தாலந்தும் 2,852 திராக்மாவும். ஒரு தாலந்து 6,000 திராக்மா. ஆகவே மொத்தம் 69 லட்சம் திராக்மாவுக்கும் மேல். இத்தனையும் ஒரே கலத்தின் சரக்கு.

அந்தச் சரக்கில் யானைத் தந்தம் உண்டு. கங்கைச் சடாமாஞ்சில் அறுபது பெட்டிகளும் உண்டு. சடாமாஞ்சில் இமயச் சரிவில் விளையும் நறுமண வேர். அது கங்கை முகத்துத் துறையிலிருந்து கப்பலேறி, கிழக்குக் கரை வழியே தெற்கே வந்து, முசிறியில் யவனக் கலத்தில் ஏறியது. கங்கையிலிருந்து தெற்கே வரும் கலத்துக்கு வேண்டியதும் வடகிழக்குக் காற்றே. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் புயலுக்குப் பேர்போனது. அதன் சீற்றம் ஓய்ந்த பின்னரே அவ்வழிப் பயணம் பாதுகாப்பானது. யவனக் கலமோ தை பிறக்குமுன் முசிறியை விட்டுச் சென்றுவிடும். ஆகவே மார்கழியில் ஏற்றிய சடாமாஞ்சில் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் காற்றில் வந்திறங்கி, பல மாதம் பண்டகசாலையில் காத்திருந்த சரக்காகவே இருந்திருக்க வேண்டும்.

கொற்கை முத்துக்கும் இத்தகைய கணக்கு உண்டு. தாமிரவருணி முகத்துக் கொற்கை பாண்டியரின் பெருந்துறை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்க, கடல் தெளிந்தும் அலை அடங்கியும் இருக்க வேண்டும். வாடை ஓய்ந்து தென்மேற்குக் காற்று தொடங்காத இடைக்காலமான பங்குனி, சித்திரையே அதற்கு ஏற்ற பருவம். பெருங்கலங்களை ஓட்டியது காற்று. முத்தைத் தந்ததோ காற்றில்லாத காலம். பங்குனியில் எடுத்த முத்தைத் தரம் பிரித்து, துளையிட்டு, மேற்குக் கரைக்கு அனுப்பி, புரட்டாசியில் யவனக் கலம் வரும்போது ஆயத்தமாக வைத்திருக்கப் போதிய அவகாசம் கிடைத்தது.

யவனக் கலம் கிழக்குக் கரைக்கே வந்து பண்டங்களை ஏற்றிச் செல்லவில்லையா என்று கேட்கலாம். குமரிமுனையைத் தாண்டிக் கிழக்கே வருவதில் இரு தடைகள் இருந்தன. இராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடல் ஆழமற்றது. பெருங்கலம் அவ்வழியே செல்ல இயலாது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு செல்லப் புறப்பட்டாலோ, தை பிறக்குமுன் மேற்கே திரும்ப வேண்டிய நாட்கணக்கு குலைந்துவிடும். ஆகவே கிழக்குக் கரையின் பண்டங்கள் மேற்குக் கரைக்கு வந்தன. உள்நாட்டார் கரையோரமாகவே சிறு கலங்களில் சென்றனர். காற்று மெலிந்த காலத்தில் இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கியும், நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து நிலத்தை நோக்கியும் வீசும் மென்காற்றுகள் அவர்களுக்குப் போதும். மரங்களைப் பிணைத்துச் செய்த கலங்களைச் சங்கரா என்றும், கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் பெருங்கலங்களைக் கோலந்தியா என்றும் பெரிப்ளூஸ் பெயரிட்டுக் குறிக்கிறது. தரைவழியில் மலைக் கணவாய்களின் ஊடே வணிகச் சாத்துகள் சென்றன. கொங்கு நாட்டில், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பகுதிகளில், உரோமை நாணயக் குவியல்கள் மிகுதியாகக் கிடைத்தமை அவ்வழியின் பெருமையைக் காட்டும்.

பாண்டியர்க்கு மேற்குக் கரையிலும் ஒரு வாயில் இருந்தது. முசிறிக்குத் தெற்கே நெல்கிந்தா என்னும் துறை பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்டது என்று பெரிப்ளூஸ் கூறுகிறது. முசிறியைவிட அதுவே ஏற்ற துறை என்பது பிளினியின் கருத்து. அங்கும் மிளகு ஒரே மரத்தில் குடைந்த தோணிகளில்தான் வந்தது. முசிறியிலும் நெல்கிந்தாவிலும் ஏற்றிய பண்டங்களில் மிளகுக்கு அடுத்து உயர்ந்த முத்துகளையே பெரிப்ளூஸ் வரிசைப்படுத்துகிறது.

இவற்றால் ஓர் உண்மை புலனாகும். பல மாதம் சரக்கை வாங்கிச் சேர்த்துக் காக்க வல்ல பெருவணிகர் கரையில் இல்லாவிட்டால், எத்தகைய காற்று வீசினும் கலம் வெறுமையாகவே திரும்பியிருக்கும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தை மாநாய்கன். அப்பெயரை மாநாவிகன் என்னும் சொல்லோடு இணைத்துக் கடல்வணிகன் என்று அறிஞர் சிலர் பொருள் கொள்வர். அவர் போன்றோரின் பண்டகசாலைகளே இரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களை இணைத்த பாலம்.

நாள் தவறினால்

மார்கழியில் புறப்பட்ட கலத்துக்கு அரபிக்கடலில் தொல்லை குறைவு. வடகிழக்குக் காற்று மெல்லத் தள்ளும். கடல் அமைதியாக இருக்கும். செங்கடலுக்குள் நுழைந்தபின் தென்பாதியில் குளிர்காலத்தில் வீசும் தென்காற்று துணை செய்யும். வடபாதியிலோ ஆண்டு முழுதும் வடகாற்றே. அந்த எதிர்க்காற்றில் சூயஸ் வரை செல்வதைத் தவிர்க்கவே பெரினிகே போன்ற தென்பகுதித் துறைகளில் சரக்கை இறக்கினர். பாலைவனத்தில் பன்னிரண்டு நாள் ஒட்டகத்தோடு நடப்பது, எதிர்க்காற்றில் நாட்கணக்கின்றித் தத்தளிப்பதைவிட மேல் என்று அவர்கள் கண்டனர். துறை அமைந்த இடத்தையும் காற்றே முடிவு செய்தது.

தை பிறந்தும் முசிறியை விட்டு நீங்காத கலத்தின் கதி வேறு. மாசி, பங்குனியில் காற்று மெலியும், நடுக்கடலில் பாய் தொய்ந்து கலம் நின்றுவிடும், குடிநீர் குறையும். செங்கடலின் தென்பாதியில் துணை செய்யும் தென்காற்றும் நாளடைவில் ஓய்ந்துவிடும். வைகாசிக்குப் பின் எதிர்க்காற்று வலுக்கும். ஆகவே நாள் தவறியவன் அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டும். ஓராண்டுக் கூலி, ஓராண்டு உணவு, கடன் வாங்கிய முதலுக்கு மேலும் ஓராண்டு வட்டி, கடற்புழு அரிக்கும் மரக்கலம் ஆகிய அனைத்தும் அவன் தலையில் விழும். எர்மப்பொல்லோன் கலத்துக்கு முதலீடு செய்தவர்கள் கடன் ஒப்பந்தத்தில் அத்தனை கவனம் செலுத்தியதன் காரணம் இங்கே விளங்கும்.

வழி அறிந்தவர் யார்?

இந்தக் காற்றுவழியை இப்பலசு என்னும் கிரேக்க மாலுமி கண்டறிந்தான் என்று பெரிப்ளூஸ் சொல்கிறது. கிரேக்கர் அதனை அறிந்த வரலாறாக அதனைக் கொள்ளலாம். இந்தியரும் அரபியரும் அதற்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு கதை உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கடற்கரையில் குற்றுயிராகத் தனித்துக் கிடந்த இந்திய மாலுமி ஒருவனைக் காவலர் எகிப்து அரசனிடம் கொணர்ந்தனர். அவன் கிரேக்க மொழி கற்று, வழிகாட்ட இசைந்தான். அவன் துணையோடு யுடோக்சசு என்பான் இந்தியாவுக்குப் பயணம் செய்தான். இதனை எழுதிவைத்த ஸ்திராபோ கதையை முழுதும் நம்பவில்லை. எனினும் வழியை இந்தியர் அறிந்திருந்தனர் என்ற எண்ணம் கிரேக்கரிடையே வழங்கியது இதனால் தெளிவாகும். அதே ஸ்திராபோ, தம் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து மட்டும் 120 கலங்கள் இந்தியாவுக்குச் சென்றதாகக் குறிக்கிறார்.

தமிழரும் அக்கடலைக் கடந்தனர் என்பதற்குக் கதையினும் உறுதியான சான்றுகள் மண்ணில் கிடைத்துள்ளன. மியோஸ் ஹோர்மோஸ் இருந்த இடமாகக் கருதப்படும் குசீர் அல் காதிமில், பானை ஒறி என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய மட்கல ஓடு கிடைத்தது. ஒறி என்பது உறியைக் குறிக்கும். பானையை உறியில் தொங்கவிடும் தமிழ்க்குடியின் வீட்டுச்சொல் செங்கடற்கரையில் எழுதப்பட்டிருக்கிறது. பெரினிகே துறையிலும் தமிழ்ப் பிராமி எழுத்துடைய ஓடு ஒன்று கிடைத்தது. அங்குள்ள கோயில் ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு, இந்தியச் சேமிப்புத் தாழி ஒன்றினுள் அப்படியே இருந்தது. கப்பலிலிருந்து கழற்றி மீண்டும் பயன்படுத்திய தேக்கு மரங்களும் அங்கே வெளிப்பட்டன.

கரிசல் மண்ணுக்கு உரியோர் மனத்தில் கொள்ளத்தக்க சான்று மற்றொன்று. அவ்விரு துறைகளிலும் பழைய கப்பற்பாயின் துண்டுகள் கிடைத்தன. அவை பருத்தித் துணி. எகிப்தியர் நூல் முறுக்கும் திசை வேறு, இந்தியர் முறுக்கும் திசை வேறு. அத்துண்டுகளின் நூல் இந்திய முறையில் முறுக்கப்பட்டது. எந்த ஊர்த் தறியில் நெய்யப்பட்டதென்பதை நூல் சொல்லாது. எனினும் அரபிக்கடலின் காற்றைப் பிடித்த பாய்களில் சில, இந்நாட்டுப் பருத்தியால் ஆனவை என்பதில் ஐயமில்லை.

இன்று கொற்கை ஒரு சிற்றூர். தாமிரவருணி கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்து, கடலை ஏறத்தாழ 6 கி.மீ. தள்ளிவிட்டது. துறைமுகம் காயலுக்குப் பெயர்ந்தது. பின்னர் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது. துறைகள் மாறினும் காற்றின் நாட்கணக்கு மாறவில்லை. எப்போதும்வென்றானிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்வோர், பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றும் மரத்தோணிகளை இன்றும் காணலாம். தென்மேற்குக் காற்று கடுமையாக வீசும் மாதங்களில் அத்தோணிகள் கடலுக்குச் செல்வதில்லை. துறையில் கட்டப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, ஆவணி கழிந்து கடல் அடங்கும் நாளை எதிர்நோக்கி நிற்கின்றன.